பிற்பகல் ஒரு மணி வரை உங்களுக்காக மட்டும்

கேள்வி: வணக்கம் அக்கா. தேக்கா பக்கம் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறேன். யாராவது அப்பாயிண்ட்மெண்ட்டை ரத்து செய்தால், முன்னதாக நேரம் வேண்டும் என்று பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு நான்தான் வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டும். போன வாரம் இப்படி அனுப்பினேன்: "வணக்கம். நாளை மாலை ஒரு ஸ்லாட் காலியாக உள்ளது. விருப்பம் உள்ளவர்கள் உடனடியாகப் பதில் அனுப்பவும். முதலில் பதில் தருபவருக்கு முன்னுரிமை." ஒன்பது பேருக்குப் போனது. நான்கு பேர் 'ஓகே' போட்டார்கள். ஒருவருக்கு உறுதி செய்துவிட்டு மற்றவர்களுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அதில் ஒரு அங்கிள், வலிக்கிற முட்டியோடு உட்லண்ட்ஸிலிருந்து டாக்ஸி பிடித்து வந்திருந்தார். இன்னொரு ஆன்ட்டி போன் செய்து, "நான் பதில் போடல, என் பேரை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். இந்தச் செய்தியை எப்படி எழுத வேண்டும்? எவ்வளவு நேரம் கெடு கொடுக்க வேண்டும்?
– வாசகி, ஈசூன்

பதில்: வணக்கம் தங்கச்சி. வார்த்தைகளுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அது முடிவாகாமல் எவ்வளவு அழகாக எழுதினாலும் இதே கூத்துதான் மறுபடி நடக்கும். அந்த ஒரு நேரத்தை ஒருவருக்காகப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்கப் போகிறீர்களா, இல்லை எல்லோர் முன்னாலும் வைத்து முந்துகிறவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடப் போகிறீர்களா? இரண்டும் வேறு வேறு வேலை, இரண்டுக்கும் செய்தி வேறு. உங்கள் செய்தியில் 'முதலில் பதில் தருபவருக்கு முன்னுரிமை' என்று இருக்கிறது, ஆனால் தான் முதலாவதா நான்காவதா என்று 'ஓகே' போட்டவருக்கு எப்படித் தெரியும்? அவர் கைப்பேசியில் கிளினிக் கேட்டது, அவர் சரி என்றார், விஷயம் முடிந்தது. அந்த அங்கிள் டாக்ஸி பிடித்ததில் எந்தத் தப்பும் இல்லை.

ஒரு நாளாவது அவகாசம் இருந்தால் ஒருவருக்குப் பின் ஒருவராகக் கேளுங்கள் என்பதுதான் என் கருத்து. கிளினிக்குக்குக் காத்திருப்பவர்கள் வலியோடு காத்திருப்பவர்கள். அவர்களில் யார் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருக்கிறாரோ அவருக்குத்தான் நேரம் என்றால், பட்டியலில் மூன்று வாரமாக முதலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது. கப்பல் பட்டறையிலும் கிடங்கிலும் வேலை பார்ப்பவர்கள் பலர் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அலுவலக மேசையில் உட்கார்ந்திருப்பவரோடு அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓட முடியாது.

சரி, ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மார்ச் 13, வியாழக்கிழமை மாலை 4.30 மணி அப்பாயிண்ட்மெண்ட்டை ஒருவர் புதன்கிழமை காலை 10.15-க்கு ரத்து செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கவுண்டர் மாலை 6 மணிக்கு மூடும். நிறைய பேர் கெடுவை 'இரண்டு மணி நேரம் போதுமா, மூன்று கொடுக்கலாமா' என்று அனுப்புகிற நேரத்திலிருந்து முன்னோக்கி எண்ணுகிறார்கள். அப்படி எண்ணாதீர்கள், கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வியாழன் மாலை வரவேண்டியவர் வேலையிடத்தில் மேலதிகாரியிடம் கேட்டு நேரம் வாங்க வேண்டும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்று பார்க்க வேண்டும். அப்படியானால் புதன் மாலை கவுண்டர் மூடுவதற்குள் ஒருவர் பெயர் உறுதியாகியே ஆக வேண்டும். 6 மணிக்குள் முடிய வேண்டுமென்றால் கடைசிச் சுற்று எழுத்தில் வேண்டாம், போனில் கூப்பிடுவதாக இருக்கட்டும், அதற்கு 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆக 10.30-லிருந்து 4 மணி வரை ஐந்தரை மணி நேரம் இருக்கிறது. இதில் இரண்டு பேரிடம் நிதானமாகக் கேட்கலாம்: முதலாமவருக்கு 10.30-க்கு அனுப்பி 1.00 மணி வரை, அவர் வேண்டாம் என்றாலோ பதில் இல்லாவிட்டாலோ இரண்டாமவருக்கு 1.10-க்கு அனுப்பி 4.00 மணி வரை. இரண்டும் நடக்காவிட்டால் மூன்றாமவர், நான்காமவர் எல்லாருக்கும் நேராகப் போன்.

ஏன் பன்னிரண்டு மணி இல்லாமல் 1.00 மணி? சாப்பாட்டு நேரம் அதற்குள் வந்துவிடும் என்பதால்தான். லாக்கரில் வைத்த கைப்பேசியைப் பெரும்பாலானோர் அப்போதுதான் கையில் எடுப்பார்கள். 10.30-க்கு அனுப்பி 11.30-க்குக் கெடு வைத்தால் ஒரு மணி நேரம் கொடுத்ததாக நமக்குத் தோன்றும், வேலையில் இருப்பவருக்கு அது கொடுக்காததற்குச் சமம். இரண்டாமவருக்கு 1.10 என்பது கொஞ்சம் இடைஞ்சலான நேரம்தான், சாப்பிட்டு முடித்து உள்ளே போகிற நேரம், அதனால்தான் அவருக்கு 4.00 வரை, டீ இடைவேளையும் சேர்ந்து வருகிற மாதிரி. அப்புறம், கெடு முடிகிற நிமிடத்தில் கவுண்டரில் ஆள் இருக்க வேண்டும். காலை 8 மணிக்குள் பதில் வேண்டும் என்று எழுதிவிட்டு நீங்கள் 9 மணிக்குத்தான் கைப்பேசியைப் பார்ப்பீர்கள் என்றால், 8.20-க்குப் பதில் போட்டவரை மறுக்க உங்களுக்கு எந்த நியாயமும் இல்லை, அவருக்கும் அது தெரியும்.

இனி செய்தி. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். தேக்கா ______ கிளினிக்கிலிருந்து எழுதுகிறோம். முன்னதாக நேரம் கிடைத்தால் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள்.

நாளை வியாழன், மார்ச் 13, மாலை 4.30 முதல் 5.15 வரை ஒரு நேரம் கிடைத்திருக்கிறது. இன்று புதன் பிற்பகல் 1.00 மணி வரை இதை உங்களுக்காக மட்டும் வைத்திருப்போம்.

வருவதாக இருந்தால் 1 என்று அனுப்புங்கள். மார்ச் 24 திங்கள் காலை 11.00 மணிக்கு உங்களுக்கு இருக்கும் அப்பாயிண்ட்மெண்ட்டுக்குப் பதிலாக இதைப் பதிவு செய்வோம்.
வர முடியாவிட்டால் 2 என்று அனுப்புங்கள்.

1.00 மணிக்குள் பதில் வராவிட்டால் இந்த நேரத்தை அடுத்தவருக்குக் கொடுப்போம். மார்ச் 24 அப்பாயிண்ட்மெண்ட்டும், முன்னதாக நேரம் கேட்டவர்கள் பட்டியலில் உங்கள் இடமும் அப்படியே இருக்கும்."

நீளம் என்று உங்கள் முதலாளி சொல்லக்கூடும். ஆனால் இதில் எந்த வரியை எடுத்தாலும் ஒரு போன் வரும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

'நாளை' என்று மட்டும் எழுதினால் செய்தியை நள்ளிரவு தாண்டிப் படிப்பவருக்கு நாளை என்பது வெள்ளிக்கிழமை. கிழமை, தேதி, மணி மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். கிழமையையும் தேதியையும் சேர்த்து எழுதுவதில் இன்னொரு லாபம் உண்டு. அவசரத்தில் 13-க்குப் பதில் 14 என்று தட்டிவிட்டால் வியாழனும் 14-ம் ஒத்துப்போகாது, படிப்பவரே பிடித்துவிடுவார். முடியும் நேரத்தையும் போடுங்கள், ஏனென்றால் அவர் யோசிப்பது பெரும்பாலும் 4.30-ஐப் பற்றி அல்ல, எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்ப முடியும் என்பதைப் பற்றித்தான்.

கெடுவையும் கடிகார நேரமாக எழுதுங்கள். 'இரண்டு மணி நேரத்துக்குள்' என்றால் எதிலிருந்து இரண்டு மணி நேரம்? நீங்கள் அனுப்பியதிலிருந்தா, அவர் பார்த்ததிலிருந்தா? 12.40-க்குச் செய்தியைப் பார்த்தவர் 2.40 வரை இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார். 'உடனடியாக' என்பது இதைவிட மோசம், அதற்கு அளவே இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி வந்தாலும் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அந்தக் குறியை அணைத்து வைத்திருப்பவர்கள் ஏராளம், அம்மாவின் கைப்பேசியைப் பேரன் திறந்தாலும் நீலம்தான். கெடு என்றால் மணி மட்டும்தான் கெடு.

'உங்களுக்காக மட்டும் வைத்திருப்போம்' என்ற வரிதான் இந்தச் செய்தியின் உயிர். இதைப் படித்தவர் அவசரப்பட்டு 'ஓகே' போட வேண்டியதில்லை, மகளைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம். அப்படி யோசித்துச் சொன்ன 1 மறுநாள் மாறுவது குறைவு. பதறிப் போட்ட 'ஓகே' ராத்திரி எட்டு மணிக்கு 'சாரி, முடியாது' என்று திரும்பி வரும், அப்போது கவுண்டரில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அந்த நேரம் வீணாகும். ஆனால் இந்த வரியை எழுதிவிட்டால் காப்பாற்ற வேண்டும். 12.15-க்கு வேறொருவர் நேரில் வந்து கேட்டாலும், டாக்டருக்குத் தெரிந்தவர் போன் செய்தாலும், 1.00 மணி வரை அது கொடுக்கப்பட்ட நேரம். உங்கள் முன்பதிவு மென்பொருளிலோ நோட்டிலோ அந்தக் கட்டத்தில் 'கேட்டிருக்கிறோம், 1.00 வரை' என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் பக்கத்து மேசைத் தோழி அது காலி என்று நினைத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்.

1, 2 எதற்கு என்று கேட்பீர்கள். 'ஓகே' என்பதற்கு நம் ஊரில் குறைந்தது இரண்டு அர்த்தம் இருக்கிறது: வருகிறேன் என்பதும் ஓகே, பார்த்துக்கொண்டேன் என்பதும் ஓகே. உங்களுக்கு வந்த நான்கில் ஒன்றிரண்டு அந்த இரண்டாவது வகையாகக்கூட இருந்திருக்கலாம். கட்டைவிரல் படமும் அப்படித்தான். எண் போடச் சொன்னால் அந்தக் குழப்பம் குறையும், அதோடு தமிழ் விசைப்பலகை தெரியாத வயதானவர்களுக்கும் 1 தட்டுவது எளிது. அப்படியும் சிலர் 'ஓகே' என்றே அனுப்புவார்கள், அனுப்பினால் ஊகிக்காமல் "வருகிறீர்கள் என்று பதிவு செய்யட்டுமா?" என்று ஒரு வரி கேளுங்கள், அல்லது போன் போடுங்கள். 2-ஐ விட்டுவிடாதீர்கள். மறுக்க ஒரு சுலபமான வழி கொடுத்தால்தான் ஆட்கள் மறுப்பார்கள். இல்லாவிட்டால் சங்கடத்தில் பேசாமல் இருந்துவிடுவார்கள், நீங்களும் 1.00 மணி வரை காத்திருக்க வேண்டியிருக்கும். 11 மணிக்கே ஒரு 2 வந்தால் அடுத்தவருக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான் கணக்கு.

அந்த ஆன்ட்டியின் போனுக்குப் பதில் கடைசி வரியில் இருக்கிறது. முன்னதாக நேரம் கேட்டுக் காத்திருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் வியாழன் முடியுமா என்பதைவிடப் பெரிய கவலை, முடியாது என்றால் நம் பெயர் என்ன ஆகும் என்பதுதான். அதனால்தான் சிலர் வரமுடியாது என்று தெரிந்தும் சரி என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் ரத்து செய்கிறார்கள். மறுத்தாலும் பேசாமல் இருந்தாலும் இடம் போகாது என்று எழுத்தில் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். 'பதில் இல்லையெனில் தாங்கள் விரும்பவில்லை எனக் கருதப்படும்' என்று எழுதும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதைத் தொடவே தொடாதீர்கள். அவர் விரும்பாமல் இல்லை, கைப்பேசியைப் பார்க்கவில்லை. நேரம் என்ன ஆகும், அவர் இடம் என்ன ஆகும், இதைச் சொன்னால் போதும், அவர் மனதில் என்ன இருந்தது என்று நாம் முடிவு கட்ட வேண்டியதில்லை. ஒருவேளை உங்கள் கிளினிக்கில் மூன்று முறை பதில் இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவது என்று ஒரு விதி இருந்தால், 'அப்படியே இருக்கும்' என்று எழுதாதீர்கள், அது பொய்யாகிவிடும். அந்த விதியைப் பெயர் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிட்டு, மூன்றாவது முறை அனுப்பும் செய்தியில் மறுபடி ஒரு தரம் சொல்லுங்கள்.

மார்ச் 24 பற்றிய வரியை ஏன் இரண்டு இடத்தில் சொல்கிறேன் என்றால், காத்திருப்பவர்களில் பலருக்கு ஏற்கெனவே பின்னால் ஒரு தேதி இருக்கும். புதியதை எடுத்தால் பழையது போகுமா இருக்குமா என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர் இரண்டும் தன்னுடையது என்று நினைப்பார், நீங்கள் பழையதை வேறு ஒருவருக்குக் கொடுத்திருப்பீர்கள், 24-ஆம் தேதி காலை 11 மணிக்குக் கவுண்டரில் இரண்டு பேர் நிற்பார்கள். போன வாரம் பார்த்த அதே காட்சி. சிகிச்சைத் தொடரில் இருப்பவருக்கு இரண்டுமே தேவைப்படலாம், அப்போது 'பதிலாக' என்பதை எடுத்துவிட்டு 'இது கூடுதலாக, மார்ச் 24 மாறாது' என்று எழுதுங்கள். எது என்பதைப் பிசியோவிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். இப்படி ஒருவர் முன்னால் நகர்ந்தால் 24-ஆம் தேதி 11.00 மணி காலியாகும் என்பதையும் மறக்காதீர்கள், அதைக் கொடுக்க அடுத்த சுற்று.

இன்னொன்று, 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் கட்டணம் என்ற விதி உங்கள் கிளினிக்கில் இருக்கிறதா? நம் கதையில் முதலாமவர் புதன் பிற்பகல் 12.50-க்கு 1 போடுகிறார், அப்பாயிண்ட்மெண்ட் வியாழன் 4.30. அவருக்கு ரத்து செய்ய இலவசமாகக் கிடைப்பது அன்று மாலை 4.30 வரை, நான்கு மணி நேரம்கூட இல்லை. இரண்டாமவர் 4.00 மணிக்குச் சரி என்றால் அரை மணி நேரம். போன் சுற்றில் எடுத்தவருக்கு அதுவும் இல்லை. இவர்களிடம் அந்தக் கட்டணத்தை வாங்குவது சரியில்லை என்றுதான் நான் சொல்வேன், முதலாளி வாங்கியே தீருவேன் என்றால் அதைச் செய்தியிலேயே, 1 போடுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். பில்லில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

செய்தியில் எதை எழுதக் கூடாது என்பதும் இருக்கிறது. 'உங்கள் முதுகுத்தண்டு சிகிச்சைக்கு', 'அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பயிற்சிக்கு' என்றெல்லாம் போடாதீர்கள். பூட்டிய திரையிலேயே முதல் இரண்டு வரி தெரியும், கைப்பேசி பல வீடுகளில் குடும்பத்துக்கே பொது, எம்ஆர்டியில் பக்கத்தில் நிற்பவரும் படிப்பார். வேலையிடத்தில் இன்னும் சொல்லாத வலியாக இருக்கலாம். நேரமும் இடமும் போதும். அதேபோல் ஒன்பது பேரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு அனுப்பும் யோசனை யாருக்கு வந்தாலும் தடுத்துவிடுங்கள். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும், இவர்கள் எல்லாம் இந்தக் கிளினிக்கில் சிகிச்சை பெறுபவர்கள் என்பதும் தெரிந்துவிடும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் 2012-லிருந்து இருக்கிறது, சின்னக் கிளினிக்குக்கும் அது பொருந்தும்.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவீர்கள் என்றால் இரண்டு விஷயம். ஒன்று நீளம். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70 தான், அதுவும் நாம் எண்ணுகிற மாதிரி எழுத்து இல்லை. 'வியாழக்கிழமை' என்பது நம் கணக்கில் 7 எழுத்து. கைப்பேசி கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும், அதற்கு அது 12. 70-ஐத் தாண்டினால் செய்தி 67, 67-ஆக உடைந்து போகும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். அதனால் எஸ்எம்எஸ்ஸில் 'வியாழன் 13/3 மாலை 4.30' என்று சுருக்கலாம், ஆனால் கெடு, 1-2, 'இடம் மாறாது' இந்த மூன்றையும் சுருக்கும் சாக்கில் வெட்டாதீர்கள், வேண்டுமானால் 'வணக்கம்' போகட்டும்.

இரண்டாவது, செய்தி எந்தப் பெயரில் போகிறது என்பது. எண்ணுக்குப் பதிலாகக் கிளினிக்கின் பெயர் தெரியும்படி அனுப்பும் சேவையை எடுத்திருந்தால், அந்தப் பெயரை எஸ்எம்எஸ் அனுப்புநர் பதிவகத்தில் பதிந்திருக்க வேண்டும். 2023 ஜனவரி 31-லிருந்து இது கட்டாயம், பதியாத பெயர்களுக்கு அப்போது Likely-SCAM என்று தலைப்பு விழ ஆரம்பித்தது, அந்தத் தலைப்போடு வரும் செய்திக்கு யாரும் பதில் போட மாட்டார்கள். பதிந்திருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு: பெயரிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸுக்குத் திருப்பிப் பதில் அனுப்ப முடியாது. '1 என்று அனுப்புங்கள்' என்றால் எங்கே அனுப்புவார்? பதில் ஒன்றும் வரவில்லை, யாருக்கும் அக்கறை இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அவர் அந்தப் பக்கம் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வகைச் செய்தியில் '1.00 மணிக்குள் இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று எண் கொடுங்கள், சந்தேகப்படுபவர் தன் அப்பாயிண்ட்மெண்ட் அட்டையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். எந்த வழியில் அனுப்பினாலும் இணைப்பை அழுத்தி உறுதி செய்யச் சொல்லும் வேலை வேண்டாம். வங்கி பெயரில் வந்த மோசடிச் செய்திகளுக்குப் பிறகு, தெரியாத இணைப்பை அழுத்தாதே என்று பெற்றோருக்கு நாமே சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம்.

இப்போது அவசர நிலை. அன்றைக்கு மதியம் 1.30-க்கு ஒருவர் ரத்து செய்கிறார், நேரம் அன்று மாலை 4.30. இங்கே ஒவ்வொருவராகக் கேட்க நேரம் இல்லை. முதலில் போன். போன் எடுக்காதவர்களில், அருகில் இருப்பவர்கள், சட்டென்று வர முடியும் என்று பெயர் கொடுக்கும்போதே சொன்னவர்கள், அப்படி மூன்று பேருக்கு மட்டும் ஒரே நேரத்தில் தனித்தனியாக அனுப்பலாம். ஒன்பது பேருக்கு வேண்டாம், எட்டு பேருக்கு ஏமாற்றம் கொடுப்பதில் என்ன இருக்கிறது. இதில் செய்தி மாறும்:

"இன்று வியாழன் மாலை 4.30 மணிக்கு ஒரு நேரம் கிடைத்திருக்கிறது. இதே செய்தியை மூன்று பேருக்கு அனுப்பியிருக்கிறோம். முதலில் 1 அனுப்புபவருக்குக் கொடுப்போம், 2.30 மணி வரை பார்ப்போம். எங்களிடமிருந்து 'உறுதி' என்று பதில் வந்த பிறகு கிளம்புங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் மற்ற அப்பாயிண்ட்மெண்ட்டும் பட்டியலில் உங்கள் இடமும் மாறாது."

'மூன்று பேருக்கு' என்று எழுதத் தயங்காதீர்கள். எத்தனை பேருக்குப் போனது என்று தெரிந்தால் கிடைக்காதபோது வருத்தம் குறைவு, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வராது. 'உறுதி என்று வந்த பிறகு கிளம்புங்கள்' என்ற அந்த ஒரு வரி இருந்திருந்தால் அங்கிள் உட்லண்ட்ஸிலேயே இருந்திருப்பார்.

அந்த உறுதிச் செய்தி இரண்டு வகைக்கும் வேண்டும், 1 வந்த ஐந்து, பத்து நிமிடத்தில் போக வேண்டும்: "உறுதி. வியாழன், மார்ச் 13, மாலை 4.30. மார்ச் 24 அப்பாயிண்ட்மெண்ட்டை எடுத்துவிட்டோம்." கூடவே, அதே மூச்சில், மற்ற இருவருக்கும்: "4.30 மணி நேரத்தை ஒருவர் எடுத்துக்கொண்டார், இன்று கிளம்ப வேண்டாம். பட்டியலில் உங்கள் இடம் அப்படியே இருக்கிறது." உறுதி செய்வதும் இல்லை என்று சொல்வதும் ஒரே வேலையின் இரண்டு பாதி. நடுவில் யாராவது கவுண்டருக்கு வந்தால்கூட இரண்டையும் முடித்துவிட்டுத்தான் நிமிர வேண்டும்.

இவற்றையெல்லாம் வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதில்களாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேதி, மணி வரும் இடங்களில் பழைய தேதியை விட்டுவைக்காமல் #### என்று போட்டுச் சேமியுங்கள். மாற்ற மறந்து அனுப்பினாலும் #### என்று போனால் உடனே கண்ணில் படும், 'மார்ச் 13' என்று ஏப்ரல் மாதத்தில் போனால் படாது.

கடைசியாக, கெடு தாண்டி வரும் பதில். 1.25-க்கு முதலாமவர் 1 போடுகிறார், நீங்கள் 1.10-க்கே இரண்டாமவருக்குச் சொல்லியாகிவிட்டது. மனம் இளகி அவருக்கே கொடுத்துவிடத் தோன்றும், கொடுக்காதீர்கள், இரண்டாமவரிடமும் 'உங்களுக்காக மட்டும்' என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் கதவைச் சாத்தவும் வேண்டாம், இப்படி எழுதுங்கள்: "பதிலுக்கு நன்றி. 1.00 மணி தாண்டியதால் இந்த நேரத்தை இன்னொருவரிடம் கேட்டிருக்கிறோம், 4.00 மணி வரை அவர் பதிலுக்குக் காத்திருப்போம். அவர் வேண்டாம் என்றால் உடனே உங்களுக்குச் சொல்கிறோம். எப்படியானாலும் பட்டியலில் உங்கள் இடம் மாறவில்லை." அதை எழுதியதும் நோட்டில் அவர் பெயருக்கு நேராக '4.00-க்கு முதலில் இவர்' என்று குறித்துவிடுங்கள், போன் சுற்றை அவரிடமிருந்து ஆரம்பிக்கலாம்.